திரையைப் பார்க்காமலே செய்ய முடிகிற உடற்பயிற்சிக் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

கேள்வி: நாற்பது வயதைத் தாண்டி, வீட்டில் முதன்முறையாக உடற்பயிற்சி தொடங்குபவர்களுக்காக 20 நிமிடத் தமிழ்க் காணொளி எடுக்கிறேன். முதலில் எடுத்ததைப் பார்த்தவர்கள், “நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிடுறீங்க, எண்ணிக்கையும் ஒத்து வரல” என்கிறார்கள். இரண்டு பேருக்கு ஸ்குவாட் செய்தபோது முழங்காலில் வலி வந்திருக்கிறது. குறிப்பு, எண்ணிக்கை, ஓய்வு, எச்சரிக்கை எல்லாவற்றையும் எப்படி எழுதி வைத்துக்கொண்டு படம் எடுப்பது?

பதில்:

நேரில் வகுப்பு எடுக்கும்போது நீங்கள் அவர்களைப் பார்க்கிறீர்கள், அவர்களும் உங்களைப் பார்க்கிறார்கள். ஒருவர் தவறினால் அருகில் சென்று திருத்திவிடலாம். காணொளியில் நீங்கள் அவர்களைப் பார்க்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்களும் பெரும்பாலான நேரம் உங்களைப் பார்ப்பதில்லை என்பதைத்தான் எழுதும்போது மறந்துவிடுகிறோம். சுவரில் கை ஊன்றி புஷ்-அப் செய்பவரின் கண் முன்னால் சுவர்தான் இருக்கிறது. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குபவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினால் அந்த இடத்திலேயே கழுத்தும் முதுகும் கோணலாகிவிடும். ஆகவே இதை வானொலிக்கு எழுதுவதைப் போல, காதுக்காக எழுத வேண்டும். படம் உதவிக்கு மட்டுமே.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 20 நிமிடம் என்பது 1200 வினாடி. இந்த வயதினருக்கும் இந்த அனுபவத்துக்கும் மூன்று பயிற்சிகள் போதும்: நாற்காலியைத் தொட்டு எழும் ஸ்குவாட், சுவர் புஷ்-அப், படுத்தபடி இடுப்பை உயர்த்தும் பிரிட்ஜ். ஒவ்வொன்றும் மூன்று செட், ஒரு செட்டுக்கு எட்டு ரெப், ஒரு ரெப்புக்கு ஐந்து வினாடி என்று வைத்தால் ஒரு செட் 40 வினாடி ஆகிறது. அதற்குப் பின் 50 வினாடி ஓய்வு சேர்த்தால் 90 வினாடி. ஒன்பது செட்டுக்கு 810 வினாடி. ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் 40 வினாடி விளக்கம் என்றால் 120 வினாடி, வார்ம்-அப்புக்கு 180 வினாடி, கடைசித் தளர்வுக்கு 90 வினாடி. கூட்டினால் சரியாக 1200 வருகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் ஆறேழு பயிற்சிகளை அடுக்குவதால்தான் “அடுத்ததுக்குப் போயிடுறீங்க” என்ற குறை வருகிறது. அந்த அவசரத்தில் முதலில் பலியாவது ஓய்வு நேரம், அடுத்தது விளக்கம்.

மூன்று பயிற்சிகளையும் இடது, வலது என்ற பேச்சே வராதவையாகத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கேமராவைப் பார்த்து நிற்கும் உங்களுடைய இடது கால் பார்ப்பவருக்கு வலப் பக்கம் தெரியும். பின்னாளில் ஒருகால் பயிற்சி சேர்த்தால், வாயால் “இடது கால்” என்று சொல்லிவிட்டு உங்கள் வலது காலை அசைக்கப் பழகிக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பியும் விடலாம். ஆனால் அப்படிச் செய்தால் சட்டையில் உள்ள எழுத்து இடவலம் மாறித் தெரியும் என்பதால், அன்று வெறும் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் குறிப்புகளுக்கு வருவோம். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் இயக்கம் முடிந்துவிடுவதற்குத் தமிழின் வாக்கிய அமைப்பும் ஒரு காரணம். நம் மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது. “உங்க இடுப்பை மெதுவா பின்னால இருக்கிற நாற்காலியை நோக்கி இறக்குங்க” என்று சொன்னால், எதைச் செய்ய வேண்டும் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது, அதற்குள் மூன்று வினாடி போய்விடுகிறது. கேட்பவர் அதுவரை காத்திருந்தால் உங்களைவிடப் பின்தங்குகிறார், ஊகித்துத் தொடங்கினால் தவறாகத் தொடங்குகிறார். எனவே முழு வாக்கியங்களை விளக்கத்திலும் ஓய்விலும் சொல்லுங்கள். இயக்கம் நடக்கும்போது இரண்டு மூன்று சொற்களே போதும்: “மெதுவா”, “நாற்காலியைத் தேடி”, “தொட்டு”. அவையும் செய்ய வேண்டிய கணத்துக்கு ஒரு வினாடி முன்பே காதில் விழ வேண்டும். எழும்போது மூச்சை ஊத வேண்டும் என்றால், அதை எழும்போது சொல்லிப் பயனில்லை, இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

எதிர்மறைக் கட்டளைகளில் இது இன்னும் மோசமாகிறது. “முட்டியை உள்பக்கம் விடாதீங்க” என்ற வாக்கியத்தில் முதலில் காதில் விழுவது முட்டி, உள்பக்கம் என்ற இரண்டும்தான். மறுப்பு கடைசிச் சொல்லின் வாலில் ஒளிந்திருக்கிறது. களைத்துப்போய், மூச்சிரைத்துக்கொண்டு, பாதிக் கவனத்தோடு கேட்பவருக்கு அந்த வால் விழாமலே போகலாம். “முட்டி சுண்டுவிரல் பக்கம்” என்று சொன்னால் விழுந்த சொல்லே சரியான திசையைக் காட்டுகிறது. உங்கள் ஸ்கிரிப்ட்டை அச்சிட்டு, செட் நடக்கும் பகுதிகளில் “கூடாது”, “வேண்டாம்”, “-ஆதீங்க” என்று முடியும் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டு மாற்றி எழுதுங்கள். வலி வந்தால் நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை வேறு வகையைச் சேர்ந்தது, அதற்குத் தனியாக வருகிறேன்.

குறிப்பு எதைச் சுட்ட வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. கேபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல், பனிச்சறுக்கைப் போன்ற அசைவைத் தரும் ஒரு பொறியில் ஆட்களை ஏற்றிச் சோதித்தார்கள். தம் பாதங்களில் கவனம் வைத்தவர்களைவிட, பாதங்களுக்குக் கீழே இருந்த பொறியின் சக்கரங்களில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். நம் காரியத்துக்கு இதன் பொருள் எளிது. “பிட்டத் தசையை இறுக்கி, இடுப்பு மூட்டை மடக்குங்க” என்பதைவிட “பின்னால இருக்கிற நாற்காலியைத் தேடுங்க” என்பது நன்றாக வேலை செய்கிறது. தசையின் பெயர் தெரியாதவருக்கும் நாற்காலி எங்கே இருக்கிறது என்பது தெரியும்.

எண்ணிக்கை ஒத்து வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நீங்கள் இறங்கத் தொடங்கும்போது எண்ணைச் சொல்கிறீர்கள், அவர்கள் எழுந்து முடித்ததும் எண்ணுகிறார்கள், அல்லது முறை நடுவில் மாறுகிறது. எண்ணை எழும் கணத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்போது அதுவே எழச் சொல்லும் கட்டளையாகவும் ஆகிவிடும். எட்டு ரெப் என்று வைத்ததும் தற்செயல் அல்ல. பேச்சுத் தமிழில் “ஒண்ணு” முதல் “எட்டு” வரை எல்லாமே சொல்லச் சிறியவை, ஒரு வினாடிக்குள் அடங்குகின்றன. “பதினொண்ணு”, “பன்னெண்டு”, “பதிமூணு” என்று போகும்போது சொல் நீள்கிறது, ஆசிரியர் அறியாமலே வேகத்தை மாற்றிவிடுகிறார், அல்லது எண்ணை விழுங்குகிறார். பதினைந்து ரெப் வேண்டுமென்றால் எட்டும் ஏழுமாக உடைத்து எண்ணுங்கள். ஏறுவரிசையில் தொடங்கிவிட்டு, ஆர்வத்தில் நடுவே “இன்னும் மூணுதான்” என்று இறங்குவரிசைக்குத் தாவுவதையும் விட்டுவிடுங்கள். கடைசி ரெப்புக்கு “கடைசி” என்று ஒரு சொல் போதும்.

ஸ்குவாட்டின் விளக்கமும் முதல் செட்டும் என் தாளில் இப்படி இருக்கும். நேரத்தை அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறேன். இந்த வரிகள் வாயால் சொல்ல வேண்டியவை என்பதால் பேச்சு நடையிலேயே எழுதி வையுங்கள். எழுத்து நடையில் எழுதிவிட்டுக் கேமரா முன்னால் பேச்சுக்கு மாற்ற முயன்றால் நாக்குத் தடுமாறும்.

0:00 “நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டுட்டீங்களா? அதுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. காலுக்கும் நாற்காலிக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி.”

0:11 “பாதம் ரெண்டும் தோள் அகலம். விரல்நுனி லேசா வெளிப்பக்கம். கை ரெண்டையும் முன்னால நீட்டிக்குங்க.”

0:19 “மூணு மெதுவா சொல்லுவேன், இறங்குங்க. தொட்டுன்னா நாற்காலியைத் தொடுங்க. எண்ணைச் சொன்னதும் எழுந்திருங்க. ஒரு தடவை செஞ்சு காட்டுறேன்.”

0:28 (பக்கவாட்டுக் கோணம், பேச்சு இல்லாமல் ஒரு முழு ரெப்.)

0:33 “முட்டியில சுருக்குன்னு குத்தினா அங்கேயே நிறுத்திடுங்க. எட்டு தடவை. தயாரா?”

0:40 “மெதுவா, மெதுவா, மெதுவா, தொட்டு, ஒண்ணு.”

0:45 “மெதுவா, மெதுவா, மெதுவா, தொட்டு, ரெண்டு.”

0:50 “நாற்காலியைத் தேடி, மெதுவா, தொட்டு, மூணு.”

0:55 “மெதுவா, மெதுவா, மெதுவா, தொட்டு, நாலு.”

1:00 “எழும்போது வாயால ஊதி, தொட்டு, அஞ்சு.”

1:05 “மெதுவா, மெதுவா, மெதுவா, தொட்டு, ஆறு.”

1:10 “மெதுவா, மெதுவா, மெதுவா, தொட்டு, ஏழு.”

1:15 “கடைசி, மெதுவா, மெதுவா, தொட்டு, எட்டு.”

எட்டு ரெப்பில் இரண்டே இரண்டு புதிய குறிப்புகள்தான் வந்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு குறிப்பைக் கேட்டு, அடுத்த ரெப்பில் அதை முயன்று பார்க்க அவருக்கு ஓர் அமைதியான ரெப் தேவைப்படுகிறது. இரண்டாவது செட்டில் திருத்தக் குறிப்பு ஒன்று மட்டும் சொல்கிறேன். மூன்றாவது செட்டில் தாளமும் எண்ணும் தவிர வேறெதுவும் இல்லை. பேச்சு நின்றுவிட்டால் பார்ப்பவர் சலித்துப் போவார் என்ற பயம் நமக்குத்தான். செய்துகொண்டிருப்பவருக்கு அந்த அமைதி வசதியாகவே இருக்கிறது.

முழங்கால் வலியைப் பற்றி: ஸ்குவாட் காணொளிகளில் அதிகம் சொல்லப்படும் எச்சரிக்கை, முட்டி கால்விரலைத் தாண்டவே கூடாது என்பது. நான் அதை ஸ்கிரிப்ட்டில் சேர்ப்பதில்லை. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எடைக்கம்பி வைத்து ஸ்குவாட் செய்தவர்களின் முட்டிக்கு முன்னால் பலகை வைத்துத் தடுத்துப் பார்த்தார்கள். முழங்காலில் விழும் சுமை ஓரளவு குறைந்தது, ஆனால் அவர்கள் உடலை அதிகம் முன்னால் சாய்க்க வேண்டியிருந்ததால் இடுப்பில் விழும் சுமை மிக அதிகமாக உயர்ந்தது. தொடை நீளமானவர் நாற்காலி உயரத்துக்கு இறங்கும்போது முட்டி சற்று முன்னால் வருவது இயல்பு. அதைத் தடுக்கச் சொன்னால் நடுத்தர வயதுக்காரர் கீழ்முதுகில் வலியோடு திரும்பி வருவார்.

நான் தேடச் சொல்வது வேறு மூன்றை. முட்டிகள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சரிவது முதலாவது. இரண்டாவது, குதிகால் தரையிலிருந்து எழும்புவது. அப்போது பாரம் விரல்நுனிக்குப் போய்விடுகிறது. மூன்றாவது, கடைசி ஒரு சாணில் கட்டுப்பாடு இல்லாமல் தொப்பென்று விழுவது. கடைசிப் பிழையை அவர் காதாலேயே கண்டுகொள்ளலாம்: நாற்காலி சத்தம் போட்டால் விழுகிறார் என்று பொருள். ஆகவே இரண்டாம் செட்டின் குறிப்பாக “சத்தம் இல்லாம தொடுங்க” என்பதையே பெரும்பாலும் வைக்கிறேன். அந்த ஒரு வரி வேகத்தைக் குறைக்கிறது, வேகம் குறைந்தால் மற்ற இரண்டு பிழைகளும் பலருக்குத் தாமாகவே குறைகின்றன. அப்படியும் வலிப்பவருக்கு ஒரு மாற்று வழியை அதே ஓய்வு நேரத்தில் சொல்லிவிடுங்கள்: “முட்டி வலிக்குதுன்னா நாற்காலி மேல ஒரு போர்வையை மடிச்சுப் போடுங்க, உயரம் கூடும். கையைத் தொடையில ஊன்றி எழுந்திருக்கலாம்.” மறுநாள் காலையில் வலி கூடியிருந்தாலோ, முட்டி வீங்கியிருந்தாலோ ஸ்குவாட்டை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதைக் காணொளியின் முடிவில் சொல்லலாம்.

சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னதற்குப் பின்னால் என் சொந்தப் பிழை ஒன்று இருக்கிறது. ஒருமுறை வழவழப்பான டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியை அறையின் நடுவில் போட்டு எடுத்தேன், கேமராவில் அழகாகத் தெரியும் என்பதற்காக. ஐந்தாவது ரெப்பில் நாற்காலி பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. எனக்குப் பழக்கம் இருந்ததால் சமாளித்தேன், பார்த்துச் செய்பவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவது, கால் வழுக்காமல் இருக்க வெறுங்காலோடு நிற்பது என்ற இரண்டையும் வாயால் சொல்வதோடு படத்திலும் காட்டுங்கள்.

ஓய்வு நேரத்தை எடிட்டிங்கில் வெட்டவே கூடாது. 50 வினாடி என்றால் திரையில் டைமர் 50லிருந்து இறங்க வேண்டும். முதல் பத்து வினாடி எதுவும் பேசாதீர்கள், அவர் மூச்சு வாங்கட்டும். அடுத்த இருபது வினாடியில் வரப்போகும் செட்டுக்கான ஒரு திருத்தத்தை முழு வாக்கியமாக, நின்று நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு பத்து வினாடி அமைதி. கடைசிப் பத்தில் “நாற்காலிக்கு முன்னால வந்து நில்லுங்க” என்று அழைத்து, கடைசி மூன்று வினாடியை எண்ணுங்கள். அந்த அழைப்பு இல்லாவிட்டால், தண்ணீர் குடிக்கப் போனவர் முதல் இரண்டு ரெப்பைத் தவறவிடுவார், எண்ணிக்கை மறுபடியும் ஒத்து வராது.

இருபது வினாடி வேலை, பத்து வினாடி ஓய்வு என்ற முறையைப் பலர் கண்மூடிப் பின்பற்றுகிறார்கள். இசுமி தபாத்தா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் செய்தவர்கள் நல்ல உடல்தகுதி கொண்ட இளைஞர்கள். செய்தது நிலையான சைக்கிளில், ஏழெட்டுச் சுற்றோடு தீர்ந்துபோகும் அளவுக்குக் கடுமையாக. சைக்கிளில் களைத்தால் கால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஸ்குவாட்டில் களைத்தால் உடலின் நிலை குலைகிறது. உங்கள் பார்வையாளருக்குப் பத்து வினாடி ஓய்வு எந்த வகையிலும் போதாது. சிலருக்கு 50 வினாடியும் போதாமல் போகலாம், அதற்கு ஓர் எளிய அளவுகோல் கொடுங்கள்: “ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காம சொல்ல முடியுதா? முடியலன்னா வீடியோவை நிறுத்திட்டு, முடிஞ்சதும் தொடருங்க.” நாடித்துடிப்பு எண்ணிக்கையைச் சொல்லாமல் இதைச் சொல்வதற்குக் காரணம், இந்த வயதில் பலர் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள், அவற்றில் பீட்டா பிளாக்கர் என்ற வகை நாடித்துடிப்பை உயர விடாது, எனவே எண் அவர்களை ஏமாற்றும்.

எச்சரிக்கைகளை இரண்டாகப் பிரித்து வையுங்கள். உடனே நிறுத்த வேண்டியவை காணொளியின் தொடக்கத்தில், இசை இல்லாமல், இருபது வினாடிக்குள் வர வேண்டும். அதற்கான நேரத்தை வார்ம்-அப்பின் 180 வினாடியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு உட்கார வேண்டும், தணியாவிட்டால் 108ஐ அழைக்க வேண்டும். இதயச் சிகிச்சையோ மூட்டு அறுவைச் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். இரண்டாவது வகை, அந்தந்தப் பயிற்சிக்கு உரியவை. அவற்றை விளக்கத்தின் கடைசி வரியாக, செட் தொடங்குவதற்குச் சற்று முன்பு வையுங்கள். மேலே 0:33இல் இருப்பது அதுதான். முதல் வரியாக வைத்தால் அடுத்து வரும் கால், கை விவரங்களில் அது கரைந்துபோகும். தொடையில் எரிச்சல் வருவது இயல்பு, மூட்டில் குத்துவது இயல்பல்ல என்ற வேறுபாட்டையும் ஒருமுறை விளக்குங்கள். இல்லாவிட்டால் எரிச்சலுக்குப் பயந்து ஒருவர் நிறுத்துவார், குத்தலைப் பொறுத்துக்கொண்டு இன்னொருவர் தொடர்வார்.

மற்ற இரண்டு பயிற்சிகளும் இதே ஐந்து வினாடித் தாளத்தில் அடங்கும். சுவர் புஷ்-அப்பில் சுவரிலிருந்து ஏறத்தாழ இரண்டு அடி தள்ளி நின்று, கையைத் தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே ஊன்ற வேண்டும். அங்கே வரும் முக்கியப் பிழை, நெஞ்சு போகாமல் தலை மட்டும் சுவரை நோக்கிப் போவது. “நெஞ்சு சுவருக்கு” என்ற குறிப்பு அதைத் தீர்க்கிறது. பிரிட்ஜில் இரண்டு வினாடி உயர்த்தி, ஒரு வினாடி நிறுத்தி, இரண்டு வினாடி இறக்க வேண்டும். இங்கே எண்ணை மேலே நிறுத்தும் வினாடியில் சொல்லுங்கள். கெண்டைக்கால் பின்பக்கமோ தொடையின் பின்பக்கமோ இழுத்துப் பிடித்தால் காலை நீட்டித் தளர்த்தச் சொல்லுங்கள். பிரிட்ஜைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், தரையில் படுத்து எழுவதை ஒரே ஒருமுறையோடு முடித்துவிடலாம். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குத் தலை சுற்றலாம் என்பதால், “ஒருக்களிச்சுப் படுத்து, கையை ஊன்றி, கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு அப்புறம் எழுந்திருங்க” என்ற வரிக்குக் கடைசித் தளர்வில் இருபது வினாடி ஒதுக்குங்கள்.

படம் எடுப்பதற்கு முன்னால் குரலை மட்டும் கைபேசியில் பதிவு செய்து, இதற்கு முன் உடற்பயிற்சியே செய்யாத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லி, அவரை வீடியோ எடுங்கள். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே “என்ன சொன்னாங்க?” என்று கேட்கிறார் என்பதைத் தாளில் குறியுங்கள். நான் இதை என் பெரியம்மாவிடம் செய்தேன். முதல் பதிவில் அவர் ஒன்பது இடங்களில் நின்றார். அவற்றில் ஆறு, செட்டின் நடுவே நான் முழு வாக்கியம் பேசிய இடங்கள். இரண்டு, ஓய்வு முடிவதை நான் அறிவிக்காத இடங்கள். மீதி ஒன்று, “தோள் அகலம்” என்றால் எவ்வளவு என்று அவருக்குப் புரியாதது. மேலே 0:11இல் உள்ள அந்தச் சொல்லுக்குப் பதிலாக இப்போது “ரெண்டு பாதத்துக்கு நடுவுல இன்னொரு பாதத்தைக் குறுக்கா வைக்கிற அளவு இடம்” என்று சொல்கிறேன்.